பாட்டி வீட்டில் ஊறுகாய் போட்டு விற்கிறார், முதல்முறையாக ஒரு வெப்சைட் செய்து தரலாம் என்று இருக்கிறேன்; யாராவது செய்திருக்கிறீர்களா, எங்கிருந்து தொடங்குவது?

செய்திருக்கிறேன், முதல் தடவை சொதப்பியும் இருக்கிறேன். அந்தச் சொதப்பலையே சொல்கிறேன், அதுதான் உங்களுக்கு உதவும்.

எங்கள் ஆச்சி தென்காசியில் இருக்கிறாள். எலுமிச்சை, நார்த்தங்காய், மாவடு, இந்த மூன்றுதான் போடுவாள். தெருவில் இருப்பவர்கள், கல்யாண வீட்டுக்காரர்கள், சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் என்று நாற்பது ஐம்பது பேர் வாடிக்கை. கணக்கெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில். 2023 மே மாதம் லீவுக்குப் போனபோது நானாகத்தான் ஆரம்பித்தேன், "ஆச்சி, உனக்கு ஒரு வெப்சைட் போட்டுத் தாரேன்" என்று. "போடு, ஆனா என் போட்டோ வேண்டாம்" என்றாள். அவ்வளவுதான் பேச்சுவார்த்தை.

ரெடிமேட் கடை டெம்ப்ளேட் ஒன்றை எடுத்து, கார்ட், ஆன்லைன் பேமென்ட், "இப்போதே வாங்கு" பட்டன் எல்லாம் வைத்து மூன்று நாளில் முடித்துவிட்டேன். பார்க்க ஜோராக இருந்தது. ஆச்சியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைக் கையில் வாங்கி, முதல் படத்திலேயே நிறுத்திவிட்டாள். எலுமிச்சை ஊறுகாய் ஜாடிக்குள் ஒரு எவர்சில்வர் கரண்டி சாய்ந்து நிற்கும், நான் எடுத்த படம். "ஏலே, ஈரக் கரண்டியவா ஜாடிக்குள்ள விட்ட?" பெரிதாக்கிப் பார்த்தால் கரண்டிக் காம்பில் இரண்டு சொட்டுத் தண்ணீர். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், ஊறுகாய் போடத் தெரிந்தவன் இந்தப் படத்தைப் பார்த்தால் வாங்கவே மாட்டான் என்றாள். மரக்கரண்டியை வெயிலில் காயவைத்து அவளே கொடுத்தாள், திரும்ப எடுத்தேன். (அப்படியே படத்தின் சைஸையும் குறைத்தேன். போனில் எடுத்தது 4 எம்பி. அகலத்தை 1000 பிக்சலாக்கினால் 150 கேபி பக்கம் வந்துவிடும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அதுவரை ஆச்சி போனிலேயே பக்கம் திறக்க அரை நிமிஷம் ஆனது.)

ஜூன் மாதம் லிங்கை சொந்தக்கார வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். இரண்டே நாளில் எலுமிச்சை மட்டும் 46 பாட்டில் ஆர்டர், பணமும் கட்டிவிட்டார்கள். நான் துள்ளிக் குதித்துக்கொண்டு ஆச்சிக்குப் போன் போட்டால், "தயாரா இருக்கிறது பத்தொன்பதுதான்" என்கிறாள். மிச்சம்? "உப்புல கிடக்கு."

இங்கேதான் நான் யோசிக்காமல் விட்ட விஷயம் இருக்கிறது. புளியங்குடிச் சந்தையில் இருந்து வரும் பழத்தைத் துடைத்து, எட்டாக நறுக்கி, கல்லுப்பும் மஞ்சளும் போட்டு, பீங்கான் ஜாடியில் வாயைத் துணியால் கட்டி வெயிலில் வைப்பாள். தினம் ஒரு தடவை குலுக்க வேண்டும். நல்ல வெயில் என்றால் மூன்று வாரத்தில் தோல் மெத்தென்று ஆகிவிடும், விரலால் அழுத்தினால் பிய்ந்து வரும். அதற்கப்புறம்தான் மிளகாய்ப் பொடி, வெந்தயம், பெருங்காயம், காய்ச்சி ஆறவைத்த நல்லெண்ணெய் எல்லாம். ஆனால் ஜூன், ஜூலை என்றால் தென்காசியில் சாரல். வெயில் ஒரு மணி நேரம் தலைகாட்டினால் பெரிய விஷயம். அந்த வருஷம் ஜாடி திண்ணைக்கும் உள்ளுக்கும் போய்வந்து ஐந்து வாரம் ஆகியும் தோல் வேகவில்லை (வேகவில்லை என்றுதான் அவள் சொல்வாள், அடுப்பில் வைக்காவிட்டாலும்). "வினிகர் ஊத்தினா சீக்கிரம் ஆகுமாமே ஆச்சி" என்று கேட்டேன். பதில் வரவில்லை, போன் கட்டாகிவிட்டது.

27 பாட்டிலுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பேமென்ட் சேவைக்காரர்கள் முதலில் பிடித்த கட்டணம் மட்டும் திரும்பி வரவில்லை, அது என் கையைவிட்டுப் போனது. கார்ட் என்பதே, அலமாரியில் சரக்கு இருக்கிறது, தீர்ந்தால் இன்னொரு பெட்டி வரும் என்று நினைத்துச் செய்யப்பட்டது. ஜாடியில் இருப்பதற்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஸ்டாக் எண்ணிக்கை போட்டுப் பூட்டிவைக்கலாமே என்று கேட்பீர்கள். அதையும் செய்து பார்த்தேன், ஆச்சி பக்கத்து வீட்டு மைனிக்கு நான்கு பாட்டில் கொடுத்துவிட்டு என்னிடம் சொல்ல மறந்துபோவாள். அவளை மாற்றுவதைவிட வெப்சைட்டை மாற்றுவது சுலபம்.

எல்லாவற்றையும் தூக்கிவிட்டு ஒரே ஒரு பக்கம் எழுதினேன். மூன்று ஊறுகாய், விலை, பக்கத்தில் ஒரு நிலவரம்: "தயார்", "ஊறுகிறது", "சீசன் இல்லை". கீழே ஒரு வாட்ஸ்அப் பட்டன். அந்தப் பட்டனுக்கு வேண்டியது இவ்வளவுதான்:

```html
<meta charset="utf-8">
<a href="https://wa.me/91XXXXXXXXXX?text=எலுமிச்சை%20250%20கிராம்%20வேண்டும்">
வாட்ஸ்அப்பில் சொல்லுங்கள்</a>
```

முதல் வரி பக்கத்தின் head பகுதிக்குள் போக வேண்டும். அதை விட்டுவிட்டால் சில இடங்களில் தமிழ் எழுத்துக்குப் பதில் `à®` என்று குப்பையாக வரும். wa.me-க்குப் பிறகு 91-ஓடு சேர்த்து எண் மட்டும். கூட்டல் குறி, முன்னால் பூஜ்யம், நடுவில் கோடு எதுவும் கூடாது. நான் பழக்கத்தில் பூஜ்யம் போட்டுவிட்டு, ஒரு வாரம் யாருமே எழுதவில்லையே என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். `%20` என்பது இடைவெளி. பட்டனைத் தொட்டால் அந்த வாசகம் ஏற்கெனவே அடித்து வைத்ததாக வரும், அவர்கள் அனுப்பினால் போதும். ஆச்சி வாய்ஸ் மெசேஜில் பதில் சொல்கிறாள். பாட்டில் கட்டிவைத்த பிறகுதான் யுபிஐ-யில் பணம்.

"ஊறுகிறது" என்று போட்டால் ஆள் போய்விடுவார்கள் என்று பயந்தேன். நேர்மாறாக, "எனக்கு ரெண்டு எடுத்து வைங்க" என்று எழுத ஆரம்பித்தார்கள். அந்தப் பெயர்கள் பழைய நோட்டுக்கே போகின்றன.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடை திறப்பதற்கு முன்னால் எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவை எடுத்துவிடுங்கள், வீட்டில் செய்து விற்றாலும் வேண்டும். நாங்கள் எடுத்தபோது சிறு வியாபாரிகளுக்கு வருஷத்துக்கு 100 ரூபாய்தான், 14 இலக்க எண் வரும், அதை லேபிளில் போட வேண்டும். டொமைன், அதாவது வெப்சைட்டின் பெயர், வாங்கும்போது முதல் வருஷ விலையை மட்டும் பார்க்காதீர்கள், இரண்டாம் வருஷம் எவ்வளவு என்று பாருங்கள். உங்கள் பாட்டி பேரில், நீங்கள் திறக்கிற இமெயிலில் வாங்குங்கள். கூரியரில் எண்ணெய் கசியும், கட்டாயம் கசியும். மூடிக்குள் சீல் ஒட்டி, ஒவ்வொரு பாட்டிலையும் தனி பிளாஸ்டிக் பையில் கட்டி, ஒரு ராத்திரி தலைகீழாக நிறுத்திப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

இப்போது வெள்ளிக்கிழமை தோறும் ஆச்சியிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வரும், அதைக் கேட்டு நிலவரத்தை மாற்றுவேன், ஐந்து நிமிஷ வேலை. போன வாரம், "நார்த்தங்கா இன்னும் கசக்குதுல, அப்படியே போட்டுரு" என்றாள். சரி என்று "நார்த்தங்காய்: ஊறுகிறது, இன்னும் கசக்கிறது" என்று போட்டேன். அன்றைக்குச் சாயங்காலமே மூன்று பேர் எழுதியிருந்தார்கள், கசப்போடு இருப்பதையே அனுப்பச் சொல்லி.