மேக்ஸ்வெல் பாலம்: பேலன்ஸ் ஏன் நழுவுகிறது?

*"கண்டென்சர் வைத்த மேக்ஸ்வெல் பாலத்தில் காயில் அளக்கிறேன். ஒரு பாக்ஸைத் திருகிச் சத்தத்தைக் குறைத்தால், அடுத்ததைத் தொட்டதும் முதலாவது கலைந்துவிடுகிறது. எங்கே தப்பு?"*

இணைப்பில் தப்பு இருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் திருகும் ஜோடியைப் பாருங்கள்.

காயிலுக்கு எதிர்க்கையில் C1, அதற்குப் பக்க இணைப்பாக R1. மற்ற இரு கைகளில் R2, R3. எதிரெதிர்க் கைகளின் பெருக்கல் சமமானால் டிடெக்டரான ஹெட்போனில் மின்னழுத்தம் பூஜ்யம். அதிலிருந்து காயிலின் இண்டக்டன்ஸ் Lx, மின்தடை Rx இரண்டும் வருகின்றன:

```
Lx = R2·R3·C1
Rx = R2·R3/R1
```

C1 முதல் சமன்பாட்டில் மட்டும், R1 இரண்டாவதில் மட்டும் இருக்கிறது. இந்த இரண்டையும் மாற்றினால் ஒன்று மற்றதைக் கெடுக்காது. ஆனால் டெக்கேட் கண்டென்சர் பாக்ஸ் விலை அதிகம் என்பதால் பல லேப்களில் C1-ஐ நிலையாக வைத்துவிட்டு R3-ஐயும் R1-ஐயும் திருகுவார்கள். R3 இரண்டு சமன்பாட்டிலும் உட்கார்ந்திருக்கிறதே! நழுவல் அங்கிருந்துதான் வருகிறது.

எவ்வளவு நழுவும் என்பது காயிலின் Q-வை, அதாவது ωL-ஐ அதன் மின்தடையால் வகுத்தால் வரும் எண்ணைப் பொறுத்தது. மெல்லிய கம்பியில் நிறையச் சுற்றுகள் போட்ட, இரும்புக் கோர் இல்லாத காயில் ஒன்று: 100 mH, 1250 Ω. C1 = 0.1 µF, R2 = R3 = 1 kΩ என்றால் R1 = 800 Ω-இல் பேலன்ஸ். 1 kHz-இல் ωL சுமார் 628 Ω, ஆக Q அரைதான். பேலன்ஸுக்குப் பக்கத்தில் R3-இன் திருப்பமும் R1-இன் திருப்பமும் மிச்ச மின்னழுத்தத்தை நகர்த்தும் திசைகளுக்கு இடையே கோணம் θ; tan θ = Q. இங்கே அது 27 டிகிரிகூட இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் மிச்சம் cos θ மடங்காக, அதாவது 0.89 மடங்காகத்தான் குறையும். பாதியாக்கவே ஆறேழு திருப்பம் வேண்டும், கை ஓய்ந்துவிடும்.

ஆஸிலேட்டரை 4 kHz-க்கு ஏற்றிப் பாருங்கள். Q சுமார் 2, ஒரு திருப்பத்துக்கு மிச்சம் 0.45 மடங்கு, நாலைந்து திருப்பத்தில் சத்தம் அடங்கும். சமன்பாடுகளில் அதிர்வெண்ணே இல்லாததால் கணக்கு மாறாது. ஆனால் காயிலின் சுற்றுகளுக்கு இடையிலான கெபாசிட்டன்ஸ் மேலே போகப் போக Lx-ஐக் கொஞ்சம் கூட்டிக் காட்டும்; அதனால் 10, 20 kHz என்று ஏற்ற வேண்டாம். ஒவ்வொரு முறையும் குறைந்தபட்ச சத்தத்தில் நிறுத்தி அடுத்த பாக்ஸுக்குப் போங்கள், முதல் திருப்பத்திலேயே பூஜ்யம் தேடாதீர்கள்.

கையை அருகில் கொண்டுபோனாலே சத்தம் மாறினால் அது வேறு கோளாறு: ஹெட்போனுக்கும் தரைக்கும் நடுவே கெபாசிட்டன்ஸ். ஹெட்போன் முனைகளைத் தரை மின்னழுத்தத்துக்குக் கொண்டுவரும் வாக்னர் எர்த் இணைப்பைப் போட்டால் தீரும். இரும்புக் கோர் காயிலில் அடிப்படை ஒலி அடங்கிய பிறகும் கீச்சென்று ஒரு மெல்லிய ஒலி நின்றால், அது கோர் உண்டாக்கும் ஹார்மானிக். எந்த பாக்ஸைத் திருகியும் போகாது, சப்ளை வோல்ட்டைக் குறையுங்கள். Q பத்தைத் தாண்டும் காயிலுக்கு R1 மிகப் பெரிதாகிவிடும், அதற்கு ஹே பாலமே சரி.