சைட் சூப்பர்வைசரை மதிப்பிட எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: எங்கள் சைட் சூப்பர்வைசருக்குச் சம்பள உயர்வு தர வேண்டும். வேகம், பாதுகாப்பு, பொருள் விரயம், கூலியாட்களைக் கையாளும் விதம் எல்லாவற்றையும் எப்படி மதிப்பிடுவது?

பதில்: விரயத்திலிருந்து தொடங்குங்கள், அதைக் கணக்கில் பிடிக்கலாம். 1000 சதுர அடியில் 5 அங்குலத் தளம் என்றால் சுமார் 11.8 கன மீட்டர் கான்கிரீட். 1:1½:3 கலவையில் கன மீட்டருக்கு ஏறக்குறைய 8 மூட்டை சிமென்ட், ஆக 94 மூட்டை (பீம் தனி). 105 போயிருந்தால் உடனே திருட்டு என்று முடிவு கட்டாதீர்கள். தளம் அரை அங்குலம் தடித்தாலே 9 மூட்டை கூடும். சென்ட்ரிங் மட்டத்தையும் கனத்தையும் அவர் கான்கிரீட் போடும்போதே அளந்தாரா என்று கேளுங்கள்.

வேகத்தில், மழையாலும் நீங்கள் கம்பியைத் தாமதமாக அனுப்பியதாலும் போன நாட்களைக் கழித்துவிடுங்கள். ஆனால் தேதியைப் பிடிக்கத் தளத்தைத் தாங்கும் முட்டுகளைச் சீக்கிரம் பிரித்திருந்தால் அது வேகமே அல்ல.

விபத்து நடக்காதது பாதுகாப்புக்குச் சான்றாகாது. சொல்லாமல் போய்ச் சாரப்பலகை கட்டியிருக்கிறதா, லிஃப்ட் குழி மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

கூலியாட்கள் விஷயத்தில் மதியம் தலையை எண்ணி வருகைப் பதிவோடு ஒப்பிடுங்கள். சனிக்கிழமை கூலி வாங்கிய சித்தாள்கள் திங்களன்று திரும்பி வருகிறார்களா என்பதையும் கவனியுங்கள்.