'சீனியர் கிஃப்ட் அனுப்பினான்' என்று அவள் ஏன் என்னிடம் சொல்கிறாள்?

கேள்வி: எனக்கு வயது 27. சென்னையில் தனியார் நிறுவனத்தில் வேலை. கூட வேலை செய்யும் பெண்ணோடு எட்டு மாதமாக நல்ல பழக்கம். தினமும் ஒன்றாகத்தான் டீ குடிக்கப் போவோம். 'காலேஜ் சீனியர் இன்னும் மெசேஜ் பண்றான்', 'ஜிம்ல ஒருத்தன் நம்பர் கேட்டான்' என்று அடிக்கடி சொல்வாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்ப்பாள். போன மாதம் சேலத்திலிருந்து ஒரு வரன் வந்திருப்பதாகச் சொன்னாள். 'ஓ, சூப்பர், வாழ்த்துகள்' என்றேன். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. பிறகு நான் படத்துக்குக் கூப்பிட்டேன். சந்தோஷமாகச் சரி என்றவள், முந்தின நாள் இரவு 'வேலை இருக்கு, வர முடியாது' என்று மெசேஜ் அனுப்பிவிட்டாள். கோபத்தில் நானும் பேசாமல் இருந்தேன். திங்கட்கிழமை டீ குடிக்கும்போது, சீனியர் கிஃப்ட் அனுப்பினான் என்று ஆரம்பித்தாள். அவளுக்கு என்னைப் பிடித்திருக்கிறதா, இல்லை என்னை வைத்து விளையாடுகிறாளா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்:

அன்புத் தம்பி,

விருப்பம் இருப்பவர்களும் இப்படி விளையாடுவார்கள். அதனால் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பார்த்தால் உங்களுக்கு விடை கிடைக்காது. சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். வெறும் தோழனிடம் கதை சொல்பவர்கள் கதையைச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். முகத்தைப் பார்த்து நிற்பவருக்கு ஏதோ தெரிய வேண்டியிருக்கிறது. அது உங்கள் மனசாக இருக்கலாம், தன்மேல் ஒருவன் தவிக்கிறான் என்கிற திருப்தியாகவும் இருக்கலாம். எது என்பது அவள் சொல்லும் கதையில் தெரியாது. கதைக்கு முன்னாலும் பின்னாலும் என்ன நடந்தது என்று பார்த்தால்தான் தெரியும்.

காதலிக்கும் ஜோடிகளிடம் இதையே கேட்டு ஆராய்ந்து, கிரிகரி வைட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980இல் ஒரு கட்டுரை எழுதினார். வேண்டுமென்றே பொறாமையைத் தூண்டுபவர்கள் சொன்ன காரணங்களில் கவனம் பெறுவது, உறவைச் சோதித்துப் பார்ப்பது, பழிவாங்குவது, தன் மதிப்பைத் தானே உயர்த்திக்கொள்வது எல்லாம் இருந்தன. 'இந்த உறவில் அவரைவிட நான்தான் அதிகமாக ஈடுபட்டிருக்கிறேன்' என்று நினைப்பவர்கள்தான் இதை அதிகம் செய்கிறார்கள் என்பதும் அதில் தெரிந்தது. கை ஓங்கியிருப்பவர் செய்கிற வேலை இது என்றுதான் நாம் நினைப்போம். பல நேரம் கை தாழ்ந்திருப்பதாக உணர்பவர்தான் செய்கிறார்.

இதை மனதில் வைத்து, நடந்ததை அவள் பக்கத்திலிருந்து பாருங்கள். வரன் வந்திருக்கிறது என்று உங்களிடம் வந்து சொல்கிறாள். நீங்கள் வாழ்த்துகிறீர்கள். உங்களுக்கு அது வலியை மறைக்க வாயில் வந்த வார்த்தை. அவள் காதில் அது 'நீ யாரைக் கட்டிக்கிட்டா எனக்கென்ன' என்றுதான் விழுந்திருக்கும். அந்த இரண்டு நாள் மௌனத்தில் எனக்குத் தந்திரம் எதுவும் தெரியவில்லை, மனசு உடைந்ததுதான் தெரிகிறது. வெறும் விளையாட்டாக இருந்தால் உங்கள் முகம் வாடும்வரை அந்த வரனின் சம்பளம், கார், வீடு என்று பேச்சை நீட்டியிருப்பாள்.

படத்துக்கு வராதது எனக்கு உறுத்துகிறது. ஆனால் நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது: வர முடியாது என்றவள் வேறு நாள் ஏதாவது சொன்னாளா? 'அடுத்த வாரம் போலாமா' என்று அவளாக ஒரு வார்த்தை கேட்டிருந்தால், உண்மையிலேயே வேலை இருந்திருக்கும். அல்லது பயந்திருப்பாள். இருவர் மட்டும் தியேட்டருக்குப் போவது, அலுவலகத்தில் யார் கண்ணிலாவது படுவது, வீட்டுக்குத் தெரிந்துவிடுவது எல்லாம் நம் ஊரில் ஒரு பெண்ணுக்குச் சின்ன விஷயம் இல்லை. வேறு நாளே சொல்லாமல், கேட்டாலும் நழுவினால் மட்டும் அதைக் கணக்கில் வையுங்கள்.

சீனியரின் கிஃப்ட் எப்போது பேச்சில் வந்தது? நீங்கள் கோபித்துக்கொண்டு விலகியபோது. இதில்தான் இரண்டு வழியும் பிரிகிறது. விலகினால் இன்னொருவன் பெயர் வருவதும், நெருங்கினால் அவள் தள்ளிப் போவதும் மாறி மாறி நடந்தால் அவளுக்குத் தேவை உங்கள் தவிப்பு மட்டும்தான். நீங்கள் நெருங்கும்போது அவளும் நெருங்கி, அந்தப் பெயர்கள் தானாகக் குறைந்தால், அவை உங்கள் வாயைத் திறக்க வைக்கத்தான் வந்தன. உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு சுற்றுதான் இருக்கிறது. அதை மட்டும் வைத்து ஒரு பெண்ணை விளையாட்டுக்காரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேலும், எட்டு மாதத்தில் நீங்களும் உங்கள் மனதை ஒரு தடவைகூட அவளிடம் சொன்னதாக எழுதவில்லை.

அதனால் சொல்லிவிடுங்கள். வாட்ஸப்பில் வேண்டாம். அதில் நீல டிக்கைப் பார்த்துக்கொண்டு இரவு முழுவதும் விழித்திருப்பீர்கள். டீக்கடைக்கு நடந்து போகும்போதே சொல்லலாம். அவள் அடுத்த முறை யாரையாவது பற்றிச் சொன்னால், 'யாரு அவன், என்ன மெசேஜ், காட்டு' என்று விசாரணை வைக்காதீர்கள். அவள் போனைப் பார்க்க உங்களுக்கு உரிமை கிடையாது. 'சூப்பர்' என்றும் நடிக்காதீர்கள். 'நீ இப்படிச் சொல்றப்போ எனக்குக் கஷ்டமா இருக்கு. எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு. உனக்கு எப்படின்னு யோசிச்சுச் சொல்லு, அவசரமில்ல.' இவ்வளவு போதும். பதிலுக்கு நீங்களும் இல்லாத ஒரு பெண்ணை உருவாக்கி அவளிடம் கதை சொல்ல ஆரம்பித்தீர்கள் என்றால், இரண்டு பேரும் பொய்யில் மாட்டிக்கொள்வீர்கள். அவளுக்கு உண்மையான விருப்பம் இருந்தாலும், உங்களுக்கு வேறு ஆள் இருக்கிறது என்று நம்பி ஒதுங்கிவிடுவாள்.

'ஐயோ, பொறாமையா?' என்று அவள் சிரித்தால் கோபப்பட வேண்டாம். வெட்கத்திலும் அப்படித்தான் வரும். சில நாள் விடுங்கள். உங்களுக்கு வலிக்கிறது என்று தெரிந்த பிறகும் அதே கதைகள் வருகிறதா என்று பாருங்கள். தெரியாமல் செய்ததையும் தெரிந்து செய்வதையும் நான் ஒன்றாகப் பார்க்க மாட்டேன். வலிக்கும் என்று தெரிந்தே தொடர்ந்தால், அடியில் விருப்பமே இருந்தாலும் அந்த உறவுக்குள் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். கல்யாணத்துக்குப் பிறகும் ஒவ்வொரு சண்டையிலும் ஒரு மூன்றாம் ஆளின் பெயர் வரும். அப்படி வாழ்கிற கணவர்களும் மனைவிகளும் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

'நீ எனக்கு ஃப்ரெண்ட்தான்' என்று சொன்னால் அதுதான் பதில். மறுபடி கேட்காதீர்கள். அடுத்த நாளும் அதே அலுவலகத்தில் அவள் நிம்மதியாக வேலை பார்க்க வேண்டும். டீ குடிக்க வேறு நேரத்தில் போங்கள், உங்களுக்கும் அது நல்லது.

ஜிம்மில் நம்பர் கேட்டவன் விஷயத்தில் ஒன்று கேட்டுப் பாருங்கள்: 'அவன் தொல்லை பண்றானா?' சில பெண்கள் உண்மையான பயத்தைக்கூட இப்படிச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். தொல்லை என்றால் அவளுக்கு என்ன உதவி வேண்டும் என்று கேளுங்கள். நீங்களாகப் போய் அவனிடம் சண்டை போடாதீர்கள்.

இவை எல்லாவற்றையும்விட அவசரமானது சேலத்து வரன். சீனியரும் ஜிம்காரனும் கதையாகவே இருக்கலாம், வரன் அப்படி இல்லை. ஜாதகம் பொருந்தி, பெண் பார்க்க வந்து, இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கை நனைத்துவிட்டால், அவளுக்கு உங்கள்மேல் எவ்வளவு விருப்பம் இருந்தாலும் அதை வீட்டில் சொல்வது பல மடங்கு கஷ்டம். 'அந்தச் சேலம் விஷயம் எதுவரைக்கும் போயிருக்கு? உனக்கு அதில இஷ்டமா?' என்று இந்த வாரமே கேளுங்கள். போன மாதம் வாழ்த்து சொன்னது மனசார இல்லை என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.