பர்ன்டவுன் கோடு ஏறினால் வெலாசிட்டி எப்படிக் கணக்கிடுவது?

கேள்வி: நான் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரன். அஜைல் பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன். எங்கள் பயிற்சிக் கணக்கில் 4 பேர் கொண்ட ஒரு குழு, பால் சங்கத்துக்கு ஆப் செய்கிறது. 4ஆம் ஸ்பிரிண்டின் பர்ன்டவுன் சார்ட்டில் 0 முதல் 10ஆம் நாள் வரை மீதியுள்ள ஸ்டோரி பாயிண்ட் இப்படி இருக்கிறது: 24, 24, 21, 21, 16, 16, 21, 18, 13, 8, 8. 6ஆம் நாள் 5 பாயிண்ட் ஸ்டோரி ஒன்று புதிதாகச் சேர்ந்தது என்று குறிப்பு. முதல் மூன்று ஸ்பிரிண்ட்களின் வெலாசிட்டி 14, 20, 22. இதுவரை எல்லாவற்றிலும் நான்கு பேரும் முழு நாளும் இருந்தார்கள். அடுத்த ஸ்பிரிண்டில் ஓணத்துக்காக இரண்டு பேர் ஆளுக்கு 4 நாள் லீவு. 4ஆம் ஸ்பிரிண்டின் வெலாசிட்டி 24 − 8 = 16 என்று எழுதினேன். விடைக் குறிப்பில் 21 என்று இருக்கிறது. அடுத்த ஸ்பிரிண்டுக்கு 17 எடுக்கலாம், மீதி 84 பாயிண்டுக்கு 5 ஸ்பிரிண்ட் ஆகும் என்றும் போட்டிருக்கிறது. எதுவும் பிடிபடவில்லை. எப்படி வந்தது?

பதில்: விடைக் குறிப்பு சரிதான். ஸ்பிரிண்ட் என்பது குழு வேலை செய்யும் ஒரு குறுகிய காலக்கட்டம், இங்கே 10 வேலை நாள். ஸ்டோரி என்பது அதில் முடிக்க வேண்டிய ஒரு வேலை, ஸ்டோரி பாயிண்ட் அந்த வேலையின் அளவு. ஒரு ஸ்பிரிண்டில் முழுதாக முடிந்த ஸ்டோரிகளின் பாயிண்ட் மொத்தம்தான் வெலாசிட்டி. சார்ட்டின் தொடக்கப் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் மட்டும் பார்த்துக் கழித்ததால்தான் 16 வந்திருக்கிறது. இடையில் கோடு மேலே ஏறிய இடத்தில்தான் விஷயம் இருக்கிறது.

பர்ன்டவுன் கோடு காட்டுவது ஒன்றே ஒன்றுதான்: அன்றைக்கு எவ்வளவு வேலை மீதி இருக்கிறது. எவ்வளவு முடிந்தது என்பதை அது நேரடியாகச் சொல்லாது. வேலை முடிந்தால் மீதி குறையும், புது வேலை சேர்ந்தால் மீதி கூடும். இரண்டும் ஒரே கோட்டில் கலந்துவிடுகின்றன. அதனால் முடிந்த வேலையைத் தெரிந்துகொள்ள, கோடு இறங்கிய இடங்களை மட்டும் தனியாகக் கூட்ட வேண்டும். 2ஆம் நாள் 3, 4ஆம் நாள் 5, 7ஆம் நாள் 3, 8ஆம் நாள் 5, 9ஆம் நாள் 5. மொத்தம் 21. வேறு வழியிலும் சரிபார்க்கலாம்: தொடக்கத்தில் 24, சேர்ந்தது 5, ஆக 29. கடைசியில் மீதி 8. 29 − 8 = 21. தேர்வில் இரண்டு வழியிலும் போட்டுப் பாருங்கள். விடை ஒத்துப்போகாவிட்டால் சார்ட்டில் எதையோ தவறாக வாசித்திருக்கிறீர்கள் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 6ஆம் நாள் கோடு 5 ஏறியிருக்கிறது. உங்கள் கணக்கில் 5 பாயிண்ட் ஸ்டோரி சேர்ந்தது என்ற குறிப்பு இருப்பதால் பிரச்சினை இல்லை. ஆனால் அதே நாளில் 8 பாயிண்ட் ஸ்டோரி ஒன்று சேர்ந்து, 3 பாயிண்ட் ஸ்டோரி ஒன்று முடிந்திருந்தாலும் கோடு அதே 5தான் ஏறியிருக்கும். அப்போது முடிந்தது 24 பாயிண்ட் ஆகிவிடும். சார்ட்டை மட்டும் வைத்து இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. நிஜமான குழுவில், அந்த ஸ்பிரிண்டுக்கு எடுத்த வேலைகளின் பட்டியலான ஸ்பிரிண்ட் பேக்லாக்கைத் திறந்து என்ன சேர்ந்தது, என்ன முடிந்தது என்று பார்க்க வேண்டும். தேர்வில் கேள்வியின் அடிக்குறிப்பைப் பார்க்க வேண்டும். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் பலர் பர்ன்அப் சார்ட் போடுகிறார்கள். அதில் மொத்த வேலைக்கு ஒரு கோடு, முடிந்த வேலைக்கு ஒரு கோடு என்று இரண்டும் தனித்தனியாக ஓடும்.

அடுத்து, கடைசியில் நின்றுபோன அந்த 8. இது ஒரே ஸ்டோரி என்று வைத்துக்கொள்வோம். உறுப்பினர்களுக்குப் பால் பணத்துக்கான பில் அச்சடிப்பது அந்த வேலை. கோடிங் முடிந்துவிட்டது. தமிழில் பில் சரியாக வருகிறது, மலையாள எழுத்துகள் மட்டும் சின்ன பிரிண்டரில் உடைந்து வருகின்றன. நம் பக்கத்துச் சங்கத்தில் இரண்டு மொழியும் வேண்டும் அல்லவா? ஆகவே ஸ்டோரி முடியவில்லை. முக்கால்வாசி முடிந்தது என்று சொல்லி 6 பாயிண்ட் போட்டுக்கொள்ள முடியாது. வெலாசிட்டியில் அதற்கு இந்த ஸ்பிரிண்டில் பூஜ்யம். வீட்டில் கறந்து வைத்த பால் எவ்வளவு இருந்தாலும், சங்கத்தில் ஊற்றினால்தானே பாஸ்புக்கில் ஏறும்? அதேபோல், குழு ஒத்துக்கொண்ட ‘முடிந்தது’ வரையறையை முழுவதும் தாண்டிய ஸ்டோரிக்கு மட்டுமே பாயிண்ட். அடுத்த ஸ்பிரிண்டில் அது முடிந்தால் 8 பாயிண்டும் அங்கே சேரும். ஒரு ஸ்பிரிண்ட் கொஞ்சம் குறைவாகவும் அடுத்தது கொஞ்சம் கூடுதலாகவும் தெரியும். சராசரி எடுக்கும்போது அது சமனாகிவிடும்.

உங்கள் சார்ட்டில் கோடு படிக்கட்டு போல இறங்குவதற்கும் இதுவே காரணம். 1, 3, 5ஆம் நாட்களில் கோடு தட்டையாக இருப்பதால் குழு சும்மா இருந்தது என்று எழுதிவிடாதீர்கள். அந்த நாட்களில் வேலை நடந்திருக்கும், எந்த ஸ்டோரியும் முழுதாக முடிந்திருக்காது. தட்டையான கோடு எப்போது கவலைக்குரியது என்றால், அது பல நாள் நீண்டு கடைசி ஓரிரண்டு நாளில் செங்குத்தாக விழும்போது. ஸ்டோரிகள் மிகப் பெரியவையாக இருக்கலாம், எல்லோரும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்கியிருக்கலாம், அல்லது டெஸ்டிங்கைக் கடைசிக்குத் தள்ளியிருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க, ஸ்பிரிண்டின் நடுவில் எத்தனை ஸ்டோரி பாதியில் நிற்கின்றன, எந்தக் கட்டத்தில் நிற்கின்றன என்று போர்டில் எண்ணிப் பார்த்தால் போதும்.

‘5ஆம் நாளில் குழு பின்தங்கியிருக்கிறதா?’ என்று ஒரு கிளைக் கேள்வி வரக்கூடும். 24 பாயிண்டில் தொடங்கி 10 நாளில் பூஜ்யத்துக்கு வரும் நேர்கோட்டில் 5ஆம் நாள் மீதி 12 இருக்க வேண்டும். உங்கள் சார்ட்டில் 16. நேர்கோட்டுக்கு மேலே 4 பாயிண்ட் இருப்பதால் பின்தங்கல்தான். 6ஆம் நாள் நேர்கோடு 9.6 சொல்கிறது, உண்மை மீதி 21. இடைவெளி 11.4. இதில் 5 பாயிண்ட் புதிதாகச் சேர்ந்த வேலையால் வந்தது, மிச்சம் 6.4 தான் குழுவின் வேகத்தைச் சார்ந்தது. இப்படிப் பிரித்து எழுதுகிறவருக்கு விஷயம் புரிந்திருக்கிறது என்று திருத்துபவருக்குத் தெரியும்.

இதையெல்லாம் தொடங்குவதற்கு முன் இடப்பக்க அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஸ்டோரி பாயிண்ட் என்றால் மேலே சொன்னது பொருந்தும். மணி என்று இருந்தால், அது டாஸ்க்குகளில் மீதியிருக்கும் நேரம். அந்தக் கோடு ஒரு ஸ்டோரிகூட முடியாமலேயே தினமும் அழகாக இறங்கிக்கொண்டு போகலாம். மணிக் கணக்குச் சார்ட்டிலிருந்து பாயிண்ட் வெலாசிட்டியை எடுக்க முடியாது. அப்படிக் கேட்டால், முடிந்த ஸ்டோரிகளின் பட்டியல் கேள்வியில் வேறெங்காவது இருக்கும், தேடுங்கள்.

இப்போது 17க்கு வருவோம். நான்கு ஸ்பிரிண்டின் வெலாசிட்டி 14, 20, 22, 21. முதல் ஸ்பிரிண்டில் குழு புதிது, கருவிகளை அமைப்பதிலேயே நேரம் போயிருக்கும். அதனால் வழக்கமாகக் கடைசி மூன்றை எடுப்பார்கள்: 20, 22, 21. கூட்டினால் 63, சராசரி 21. நான்கையும் எடுத்தால் 19.25 வரும். கேள்வியில் எத்தனை ஸ்பிரிண்ட் என்று சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள், சொல்லாவிட்டால் கடைசி மூன்றை எடுத்து, ஏன் எடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

அப்புறம் ஓணம். 4 பேர், 10 வேலை நாள், மொத்தம் 40 ஆள்நாள். இரண்டு பேருக்கு 4 நாள் வீதம் 8 போக 32. அதாவது 80 சதவீதம்.

```
21 × 32 ÷ 40 = 16.8
```

இதைத்தான் 17 என்று போட்டிருக்கிறார்கள். இந்தக் கழிவு சரியாக வருவதற்குக் காரணம், சராசரிக்கு எடுத்த மூன்று ஸ்பிரிண்டிலும் எல்லோரும் முழுதாக இருந்தார்கள் என்பது. அவற்றில் ஒன்று பொங்கல் வாரமாக இருந்திருந்தால், அந்த லீவு ஏற்கெனவே சராசரிக்குள் வந்திருக்கும். மறுபடியும் முழுக் கழிவு போட்டால் குழுவின் திறனைக் குறைத்து மதிப்பிட்டதாகிவிடும்.

17 என்பது இலக்கு அல்ல, ஏறக்குறைய இவ்வளவு முடியும் என்ற மதிப்பீடு. இனி செய்ய வேண்டிய எல்லா வேலைகளின் பட்டியலான பேக்லாக்கின் மேலே பில் ஸ்டோரி 8, அடுத்து 5, 3, 2 என்று வரிசையாக இருந்தால், 8 + 5 + 3 = 16 எடுத்து நிறுத்துவது நல்லது. பில் ஸ்டோரியில் மீதி இருப்பது மலையாள எழுத்துப் பிரச்சினை மட்டும் என்பதால் அந்த 2 பாயிண்ட் ஸ்டோரியையும் இழுத்துக்கொள்ளலாம் என்று டெவலப்பர்கள் சொல்லலாம். அது அவர்கள் சொல்ல வேண்டியது. ஸ்கிரம் என்ற அஜைல் முறையின் கையேடான ஸ்கிரம் கைட் 2020 பதிப்பின்படி, பேக்லாக்குக்குப் பொறுப்பான பிராடக்ட் ஓனருடன் பேசி, ஸ்பிரிண்டுக்கு எவற்றை எடுப்பது என்று தேர்ந்தெடுப்பவர்கள் டெவலப்பர்கள். அந்தக் கைடில் வெலாசிட்டி, ஸ்டோரி பாயிண்ட் என்ற சொற்களே இல்லை. பர்ன்டவுனும் முன்கணிப்புக்கான பல வழிகளில் ஒன்றாக மட்டும்தான் வருகிறது. ‘ஸ்கிரம்மில் பர்ன்டவுன் கட்டாயம்’ என்று சரியா தவறா கேள்வி வந்தால் தவறு என்று போடுங்கள்.

கடைசியாக 84. இதில் மிஞ்சிய பில் ஸ்டோரியின் 8 பாயிண்டும் அடக்கம் என்று எடுத்துக்கொள்கிறேன். 84ஐ 21ஆல் வகுத்தால் 4 என்று மீதியில்லாமல் வருகிறது, பலர் அங்கேயே ஏமாந்துவிடுவார்கள். முதலில் வருவது ஓணம் ஸ்பிரிண்ட், அதில் 17தான். 84 − 17 = 67. அதை 21ஆல் வகுத்தால் 3.19. ஸ்பிரிண்டை 0.19 என்று நடத்த முடியாது, மேலே ஏற்றி 4. ஓணம் ஸ்பிரிண்டோடு சேர்த்து 5. வேகம் எப்போதும் 22 ஆகவே இருந்தாலும் 67க்கு 3.05 வரும், அப்போதும் 4தான். 20 ஆகக் குறைந்தால் 3.35, அதுவும் 4தான். எனவே இடையில் பேக்லாக்கில் எதுவும் சேராமலோ குறையாமலோ இருந்தால் 5 என்று தைரியமாக எழுதலாம். ஆனால் 22 என்ற கணக்கு விளிம்பில்தான் நிற்கிறது: ஒரே ஒரு 2 பாயிண்ட் ஸ்டோரியைப் பேக்லாக்கிலிருந்து எடுத்துவிட்டால், அந்த வேகத்தில் 4 ஸ்பிரிண்டிலேயே முடிந்துவிடும். கேள்வி வரம்பாகக் கேட்டால் ‘5, பேக்லாக் சற்றுக் குறைந்தால் 4’ என்று எழுதி இந்தக் காரணத்தையும் சேருங்கள்.