இணையாகப் பொருத்திய கேஸ்-கன்ட்ரோல் ஆய்வுக்கு ஏன் கண்டிஷனல் லாஜிஸ்டிக் ரிக்ரெஷன்?

கேள்வி: புகைப்பழக்கத்தின் விளைவைப் பார்க்க ஒவ்வொரு கேஸுக்கும் அதே வயது, அதே பாலினம், அதே தெருவில் ஒரு கன்ட்ரோல் எடுத்திருக்கிறோம். அதான் பொருத்தியாச்சே, சாதாரண லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் போட்டால் என்ன தப்பு?

பொருத்தியதால்தான் அது தப்பாகிறது. கன்ட்ரோல்களைக் கேஸ்களின் சாயலிலேயே தேடிப் பிடித்திருக்கிறீர்கள். வயதுக்கும் தெருவுக்கும் புகைப்பழக்கத்தோடு தொடர்பு இருந்தால், கன்ட்ரோல்களின் புகைப்பழக்கமும் கேஸ்களை ஒட்டியே வந்துவிடும். இந்தச் சாய்வு ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதத்திலேயே உண்டானது. பகுப்பாய்வில் கணக்கில் எடுக்காவிட்டால் ஆட்ஸ் விகிதம் பெரும்பாலும் 1-ஐ நோக்கி இழுக்கப்படும்.

ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். மொத்தம் 100 இணைகள். 30 இணைகளில் இருவரும் புகைப்பவர்கள், 20-ல் இருவரும் புகைக்காதவர்கள். 40-ல் கேஸ் மட்டும் புகைப்பவர், 10-ல் கன்ட்ரோல் மட்டும். இணையை மறந்துவிட்டு எண்ணினால் கேஸ்களில் 70 பேர், கன்ட்ரோல்களில் 40 பேர் புகைப்பவர்கள். ஆட்ஸ் விகிதம் 3.5. இணையை மதித்தால் 40/10, அதாவது 4.

இந்த 4 எங்கிருந்து வருகிறது? கண்டிஷனல் முறை ஒவ்வொரு இணையிடமும் ஒரே கேள்விதான் கேட்கிறது: இந்த இருவரில் ஒருவர் கேஸ் என்று தெரியும், அது இவராக இருக்க வாய்ப்பு எவ்வளவு? அந்த இணைக்கே உரிய அடிப்படை அபாயம் இந்த வாய்ப்புக்கான பின்னத்தின் மேலும் கீழும் இருப்பதால் அடிபட்டுப் போய்விடும். இருவரும் ஒரே மாதிரி இருக்கும் 50 இணைகளும் இந்தக் கேள்விக்கு எதையும் சொல்வதில்லை. மாறுபட்ட 50 இணைகள்தான் பேசுகின்றன.

'இணைக்கு ஒரு டம்மி மாறி போட்டு சாதாரண மாடலிலேயே முடித்துவிடலாமே' என்று தோன்றும். வேண்டாம். 100 இணைக்கு 100 அளவுருக்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டே ஆட்கள். இந்தக் கணக்கில் விடை 16 என்று வரும். ஒன்றுக்கு ஒன்று பொருத்திய தரவில் சரியான விடையின் வர்க்கம்தான் கிடைக்கும். ஆட்களை எவ்வளவு கூட்டினாலும் இது சரியாகாது, ஏனென்றால் இணைகளோடு அளவுருக்களும் கூடிக்கொண்டே போகும்.

R-ல் இப்படி:

```r
library(survival)
clogit(case ~ smoke + strata(pair), data = d)
```

விடை 4, 95% நம்பக இடைவெளி ஏறக்குறைய 2 முதல் 8 வரை. பொருத்திய வயதின் நேரடி விளைவை இதில் கணக்கிட முடியாது, இணைக்குள் அது மாறுவதே இல்லை. ஆனால் புகையின் விளைவு வயதுக்கு வயது மாறுகிறதா என்று பார்க்கலாம்.

அகலமான வயதுப் பிரிவு, பாலினம் இரண்டை மட்டும் வைத்துப் பொருத்தியிருந்தால், அவற்றைச் சேர்த்துச் சாதாரண லாஜிஸ்டிக் போட்டாலே போதும் என்பேன். உங்களிடம் தெருவும் இருக்கிறது. டம்மி போட்டால் தெருவுக்கு ஓரிருவர்தான் தேறுவார்கள், அதனால் clogit-தான் வழி.

ஓட்டுவதற்கு முன் மாறுபட்ட இணைகளை எண்ணிப் பாருங்கள். அவை கைவிரல் எண்ணிக்கையில் இருந்தால் இடைவெளி பயங்கரமாக விரியும். அப்புறம், ஒரு கன்ட்ரோலின் புகைத் தகவல் விடுபட்டால் அவருடைய கேஸும் சேர்ந்தே கணக்கிலிருந்து போய்விடும். மென்பொருள் இதைத் தனியாக எச்சரிக்காது, நீங்கள்தான் சரிபார்க்க வேண்டும்.