அகாடமி வேண்டாம் என்று மாஸ்டரிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: "மகள் தேனி மாவட்டத்தில் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் 8-ஆம் வகுப்பு படிக்கிறாள். நீளம் தாண்டுதலில் 4.72 மீட்டர் தாண்டி மாநிலப் போட்டி வரை போனாள். இரண்டு வருஷமாகக் காசு வாங்காமல் பயிற்சி தரும் மாஸ்டர், வட மாநில அகாடமி ஒன்றில் அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்திருக்கிறார். தங்குமிடம், சாப்பாடு, பள்ளி எல்லாம் இலவசம். ஜூனில் சேர வேண்டும். படிப்பை நினைத்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர் மனம் நோகாமல் எப்படி மறுப்பது? மறுத்தால் அவள் விளையாட்டு அதோடு முடிந்துவிடுமா?"

முடியாது. நீளம் தாண்டுதல் 13 வயதில் தீர்ப்பாகிவிடும் விளையாட்டு இல்லை. ஜிம்னாஸ்டிக்ஸ், நீச்சல் என்று நீங்கள் எழுதியிருந்தால் என் பதிலும் வேறாக இருந்திருக்கும். அவற்றில் இந்த இரண்டு வருஷம் கைவிட்டால் பிடிப்பது கஷ்டம். தாண்டுகிறவர்களுக்கு உயரம், கால் வலு, வேகம் எல்லாம் இனிமேல்தான் வந்து சேரும். பெண் பிள்ளைகளுக்கு இந்த வயதில் உடம்பு மாறும்போது ரன்-அப் அளவே தப்பிப்போகும். ஒரு வருஷம் 4.70-லேயே நின்று பிறகு ஏறியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் மாஸ்டரிடம் போய் வெறுமனே "படிப்பு கெட்டுப்போகும் சார்" என்று சொல்லாதீர்கள். அவர் இதை நூறு பெற்றோரிடம் கேட்டிருப்பார். "அங்கேயும் ஸ்கூல் இருக்கு சார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார், அதில் தப்பும் இல்லை. படிப்பில் எது கெடும் என்பது முதலில் உங்களுக்குத் தெளிவாக வேண்டும்.

உங்கள் மகள் விஷயத்தில் அது மதிப்பெண் இல்லை, தொடர்ச்சி. தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்புக்கு 2020-இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்றவற்றுக்கு 2021-இலும் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு உரியது. அந்த ஒதுக்கீட்டில் சேர்கிற பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. 9-ஆம் வகுப்பை மட்டும் வெளி மாநிலத்தில் படித்துவிட்டுத் திரும்பி வந்தாலும் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். பிறகு ஒட்ட முடியாது. கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்திலும் அதே 6 முதல் 12 கணக்குதான் அடிப்படை.

அடுத்தது தமிழ் வழி. அரசு வேலைகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, வேலைக்குக் கேட்கும் தகுதிப் படிப்பு வரைக்கும் 1-ஆம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். குரூப் 4-க்குத் தகுதி 10-ஆம் வகுப்பு. அவள் இன்னும் இரண்டு வருஷம் இங்கேயே இருந்தால் அந்தத் தகுதி அவள் கையில். பிறகு அவள் டாக்டர் ஆனாலும் சரி, தாண்டிக்கொண்டே இருந்தாலும் சரி, அது எங்கேயும் போகாது.

இதைவிடவும் எனக்குப் பயம் தருவது 9, 10 வகுப்புகள் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்கும் விதம். வட மாநில அகாடமி என்றால் பெரும்பாலும் சி.பி.எஸ்.இ. பள்ளியில் சேர்ப்பார்கள். அங்கே 9-ஆம் வகுப்பிலேயே 10-ஆம் வகுப்புத் தேர்வுக்கான பதிவு நடந்துவிடும்; பெற்றோரின் பணி மாற்றம் மாதிரி காரணம் இருந்தால் ஒழிய, நேராக 10-இல் யாரையும் சேர்ப்பதில்லை. ஆக 9-இல் போனால் 10 முடியும் வரை அங்கேதான். அகாடமியோ வருஷா வருஷம் பிள்ளைகளை அளந்து பார்த்து, முன்னேறாதவர்களை வீட்டுக்கு அனுப்பும். இந்த இரண்டு நாட்காட்டியும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்வதே இல்லை.

இது ஏட்டுக் கணக்கு இல்லை. நான் விளையாட்டு விடுதியில் பயிற்றுநராக இருந்தபோது, மும்முறை தாண்டும் ஒரு பையனை நானே வற்புறுத்தி வெளி மாநில மையம் ஒன்றுக்கு 9-ஆம் வகுப்பில் அனுப்பினேன். போன வருஷமே 9 சென்டிமீட்டர் வளர்ந்தான். காலடி அளவு தடுமாறி, முழங்காலுக்குக் கீழே வலி வந்து, தூரம் அப்படியே நின்றது. 10-ஆம் வகுப்பு பாதியில், நவம்பரில், வருடாந்தர மதிப்பீட்டில் பெயரை எடுத்துவிட்டார்கள். விடுதி இல்லாமல் அங்கே படிக்க வழியில்லை. இங்கே வந்தால் பொதுத்தேர்வுப் பெயர்ப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. தமிழ்ப் பாடத்தைத் தொட்டு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஒரு வருஷம் வீணாகி, அடுத்த வருஷம் எழுதினான். அவன் அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதிலிருந்து யாரையும் 9-இல் அனுப்புவதில்லை.

உங்கள் மகளுக்கு நியாயமான அடுத்த வாசல் 11-ஆம் வகுப்பு. அப்போது தமிழ் வழி 10 கையில் இருக்கும், உடம்பும் ஓரளவு நிலைத்திருக்கும், யார் தாண்டுவார் என்பதும் தெரியும். அப்போது வெளி மாநிலம் போனாலும் 7.5 சதவீதம் போகும்தான். ஆனால் அவள் மருத்துவம், பொறியியல் பக்கம் போகிறவளா இல்லையா என்று 16 வயதில் அவளே சொல்லிவிடுவாள். இன்றைக்கு அவளுக்குச் சொல்லத் தெரியாது.

சரி, எப்படிச் சொல்வது. முதலில் மகளிடம் பேசுங்கள். மாஸ்டர் வாயிலிருந்து "உங்க அப்பா வேண்டாம்னுட்டார்" என்று அவள் கேட்கக் கூடாது. பிறகு ஒரு வாரத்துக்குள் மாஸ்டரிடம். இடம் பிடித்துக் கொடுத்தவர் அவர். நீங்கள் இழுத்தடித்தால் அகாடமியில் அவர் பேச்சுக்கு மதிப்புக் குறையும், காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் இன்னொரு பிள்ளையின் இடமும் அடைபடும். வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். பயிற்சி முடிந்து மற்றப் பிள்ளைகள் போன பிறகு, மைதானத்திலேயே நேரில் சொல்லுங்கள். "பாட்டிக்கு உடம்பு சரியில்லை" வகைக் கதைகள் வேண்டாம். பாட்டி குணமானதும் அவர் மறுபடி கேட்பார்.

இப்படிப் பேசலாம்: "மாஸ்டர், நீங்க இவளுக்குச் செஞ்சதை நாங்க மறக்க மாட்டோம். ஆனா இந்த ஜூன்ல அனுப்பலை. 9, 10 ரெண்டும் இங்கேயே தமிழ் மீடியத்துல முடிக்கட்டும். பத்து முடிஞ்சதும் அவ தாண்டுற தூரத்தை வச்சு நீங்களே சொல்லுங்க, அப்ப உட்கார்ந்து பேசுவோம். அதுவரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்." 'அப்போது அனுப்புகிறேன்' என்ற வாக்கு இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். மனதில் இல்லாத வாக்கைக் கொடுத்தால், இரண்டு வருஷம் கழித்து இதைவிடக் கசப்பாக மறுக்க வேண்டி வரும்.

அவர் கோபப்படலாம். "இந்த மாதிரி சான்ஸ் மறுபடி வராது" என்பார். வாதாட வேண்டாம். அவரும் பல இடங்களில் கேட்டுத்தான் இதை வாங்கியிருப்பார். அகாடமிக்குத் தனியாக ஐந்து வரிக் கடிதம் எழுதி, அனுப்பும் முன் அவரிடம் காட்டுங்கள்: "என் மகளுக்கு வழங்கப்பட்ட இடத்துக்கு நன்றி. 10-ஆம் வகுப்பைச் சொந்த ஊரில் முடிக்க வேண்டியிருப்பதால் இந்தக் கல்வியாண்டில் சேர இயலவில்லை. இது எங்கள் குடும்பத்தின் முடிவு. பயிற்சியாளர் எங்களுக்கு எல்லா உதவியும் செய்தார். இடத்தை வேறொருவருக்கு வழங்கலாம்." மூன்றாவது வரிதான் முக்கியம். நாளைக்கு அவர் இன்னொரு பிள்ளைக்காக அதே அகாடமியில் கேட்கப் போகிறவர்.

அதே சந்திப்பில் இல்லாவிட்டாலும் அடுத்த வாரம் மூன்று விஷயம் கேளுங்கள்: வரும் வருஷத்துக்கான பயிற்சித் திட்டம், கலந்துகொள்ள வேண்டிய போட்டிகளின் தேதி, கோடை விடுமுறையில் செயற்கை ஓடுதளம் உள்ள ஊரில் சில வாரம் பயிற்சி எடுக்க வழி. மண் தரையில் பழகிய பிள்ளைக்கு ஸ்பைக் போட்டு ஓடி, பலகையில் சரியாகக் கால் வைப்பதுதான் உள்ளூரில் கிடைக்காதது. மற்றதற்கு நல்ல மணல் குழியும் அவரைப் போல ஒரு மாஸ்டரும் இந்த வயதுக்குப் போதும்.

ஒன்றை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். மறுப்புக்குப் பிறகு சில மாஸ்டர்கள் வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது உங்கள் பிள்ளை பெயர் விட்டுப்போகும். ஆகவே குறுவட்டம், வருவாய் மாவட்டம், பிறகு மாநிலம் என்று போகும் குடியரசு தின தடகளப் போட்டிகளுக்குப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் மூலமாகவே பெயர் போகட்டும். அதற்கு வெளி மாஸ்டர் தேவையில்லை. முதலமைச்சர் கோப்பைக்கு நீங்களே இணையத்தில் பதியலாம். மாவட்டத் தடகளச் சங்கத்தின் போட்டித் தேதிகளையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை பெயர் விட்டுப்போனால் மறதி என்று விடுங்கள். இரண்டாம் தடவையும் ஆனால் நேரில் போய்க் கேளுங்கள்.

அப்புறம், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளை யோசித்தீர்களா? 7, 8, 9, 11 வகுப்புகளுக்குத் தேர்வுப் போட்டி வைத்து எடுக்கிறார்கள். கோடையை ஒட்டி அறிவிப்பு வரும். மாநிலத்துக்குள்ளேயே இருப்பதால் தமிழ் வழி அறுபடாது. ஆனால் விடுதிப் பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்க்கிறார்கள் என்று கேட்டு, அந்தப் பள்ளியின் பலகையை ஒரு தரம் பார்த்துவிடுங்கள். 'அரசு உதவி பெறும்' என்று இருந்தால் அது 7.5 சதவீதக் கணக்கில் வராது. இங்கே ஒரு வார்த்தையில் பெற்றோர் ஏமாந்துபோகிறார்கள்.

அகாடமிக்கு ஏற்கெனவே படிவம் கொடுத்திருந்தால், பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், மருத்துவச் சான்று எதை எதைக் கொடுத்தீர்கள் என்று எழுதி, அசல் ஏதாவது இருந்தால் திரும்ப வாங்குங்கள். பள்ளியில் டி.சி.க்கு விண்ணப்பித்திருந்தால் தலைமை ஆசிரியரைப் பார்த்து இன்றைக்கே திரும்பப் பெறுங்கள்.