வாடகை வீட்டு வீடியோ: ஜிம்பல் வேண்டாம், நடை மாறினால் போதும்

கேள்வி: மாடி போர்ஷனை வாடகைக்கு விடப் போகிறேன். எல்லோரும் வீடியோ கேட்கிறார்கள். போனில் எடுத்தால் ஆடுகிறது. பார்த்துவிட்டு, "கிச்சன் எந்தப் பக்கம்?" என்று திரும்பப் போன் பண்ணுகிறார்கள். ஆட்டத்தைத் தடுக்கும் ஜிம்பல் பிடி வாங்கவா? புரோக்கர் ஆள் வைத்து எடுத்துத் தருவதாகச் சொல்கிறார்.

பதில்: இரண்டுமே வேண்டாம். நீங்கள் நடந்துகொண்டே திரும்புகிறீர்கள், நடந்துகொண்டே பேசுகிறீர்கள். ஆடுவதும் குழம்புவதும் அதனால்தான். நடக்கும்போது நடை மட்டும், திரும்புவதும் பேசுவதும் நின்ற இடத்தில் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

வழியை முதலில் போன் இல்லாமல் நடந்து பாருங்கள். மாடிப்படியின் அடியில் ஆரம்பியுங்கள். பீரோ ஏறுமா என்பதைப் படியின் அகலம்தான் சொல்லும், அதை யாரும் காட்டுவதில்லை. கதவைத் தாண்டியதும் இடதுகைப் பக்கச் சுவரை விடாமல் போங்கள்: ஹால், இடப்புறம் கிச்சன், அதை அடுத்து பாத்ரூம், சுற்றி வந்தால் பெட்ரூம், கடைசியில் பால்கனி. ஒரு அறைக்குள் போய்விட்டு ஹாலுக்கே திரும்பி மறுபடி வேறு அறைக்குப் போனால், பார்ப்பவருக்குத் திசை போய்விடும்.

போனைப் படுக்கவைத்து, இரண்டு கையாலும் நெஞ்சு உயரத்தில் பிடியுங்கள். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, குதிகாலை முதலில் ஊன்றி, அரையடி அரையடியாக வையுங்கள். தளும்பும் சாம்பார் கிண்ணத்தைத் தூக்கிப் போகும் நடைதான். அறைக்குள் வந்ததும் கதவோரச் சுவரில் முதுகைச் சாய்த்து மூன்று எண்ணும்வரை அசையாமல் நில்லுங்கள். பிறகு, எந்தப் பக்கம் திரும்பி முடிக்கப் போகிறீர்களோ அந்தப் பக்கம் பாதங்களை வைத்து, இடுப்பை மட்டும் எதிர்ப்பக்கம் முறுக்கி ஆரம்பியுங்கள். முறுக்கு அவிழ்வது போல எட்டுப் பத்து நொடியில் திரும்பி வாருங்கள். பாதங்களை ஆரம்பிக்கும் பக்கம் வைத்தால், முடியும் நேரத்தில் உடம்பு இறுகிக் கை நடுங்கும். ஜன்னல் கடைசியில் வரட்டும். ஜன்னலில் ஆரம்பித்தால் கேமரா அந்த வெளிச்சத்துக்குப் பழகி, அறையை இருட்டாக்கிவிடும்.

காலை ஒன்பது, பத்து மணிக்கு எல்லா லைட்டையும் போட்டு எடுங்கள். ஃபேனை மட்டும் நிறுத்துங்கள். ஓடினால் இறக்கை வளைந்து நெளிவதாகப் பதியும், இரைச்சலும் வரும்.

அடுத்து, போன் கேமராவில் 0.5 என்று காட்டும் அகலமான லென்ஸ். புரோக்கர் அனுப்பும் ஆட்களுக்கு இதுதான் கைமருந்து. பத்துக்குப் பத்து அறை கல்யாண மண்டபம் மாதிரி தெரியும். வருகிறவர் வாசலிலேயே முகம் சுருங்கிப் போய்விடுவார். உங்கள் ஞாயிற்றுக்கிழமை போச்சு. சாதாரண லென்ஸான 1x-லேயே எடுங்கள். பாத்ரூம் மட்டும் விலக்கு. நாலுக்கு ஆறடி பாத்ரூமில் பின்னால் நகர இடமில்லை. 1x-இல் டைல்ஸும் குழாயும்தான் தெரியும். அதனால் உள்ளே போகாமல் வாசலில் நின்று, 0.5-க்கு மாற்றி, திரும்பாமல் ஐந்து நொடி பிடியுங்கள். "நாலுக்கு ஆறு" என்று அளவை வாயால் சொல்லிவிடுங்கள், அப்போது ஏமாற்றாகாது. கண்ணாடியில் நீங்கள் தெரிகிறீர்களா என்று பாருங்கள். வெளியே வந்ததும் 1x-க்குத் திரும்புங்கள்.

பேச்சில் முதல் பத்து நொடி முக்கியம். படியடியில் நின்றே, "முதல் மாடி, ஒரு பெட்ரூம், வாடகை பன்னிரண்டாயிரம், அட்வான்ஸ் முப்பத்தாறாயிரம், தனி ஈ.பி. மீட்டர், போர் தண்ணீர்" என்று உங்கள் கணக்கைச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு அறைக்கும் போகும் முன் திசை: "இடப்பக்கம் கிச்சன்." உள்ளே நின்றதும் அளவு, அதற்கடுத்துக் குறை. கிச்சனில் குழாயைத் திறந்து மூன்று நொடி காட்டுங்கள். தண்ணீர் எப்படி வருகிறது என்று ஆயிரம் தடவை சொல்வதைவிட அந்தச் சத்தம் போதும்.

இனி என் ஆத்திரம். உங்கள் வீடியோவின் முதல் சில நொடிகளை வெட்டிவிட்டு, வாடகையைக் குறைத்துப் போட்டு ஆள் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டைப் பார்க்காத வெளியூர்க்காரரிடம் "டோக்கன் அட்வான்ஸ்" என்று ஜி-பேயில் வாங்கிக்கொண்டு மறைகிறவர்களும் உண்டு. விளம்பரத் தளங்களில் புகார் செய்தால், பெரும்பாலும் "பரிசீலிக்கிறோம்" என்று ஒரு தானியங்கிப் பதில் வரும், அவ்வளவுதான். வீடியோவின் மேல் எழுத்தாக ஒட்டும் வாடகைத் தொகையை எளிதாக மறைத்துவிடலாம். ஆகவே வாடகையையும் வீடியோ எடுத்த மாதத்தையும், "நேரில் பார்க்காமல் யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள்" என்பதையும் கிச்சன் காட்சியின் நடுவில், கேமரா திரும்பிக்கொண்டிருக்கும்போது சொல்லுங்கள். கால் நின்ற இடத்தில்தான் இருக்கும், கேமரா மட்டும் திரும்பும். அதனால் அந்த இடத்தை வெட்டினால் படம் துள்ளும், வெட்டியது தெரிந்துவிடும். கதவு நம்பர், மீட்டர் நம்பர், சாவி மாட்டும் இடம் எதுவும் படத்தில் வரக் கூடாது.

மொத்தம் ஒன்றரை நிமிடம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் மங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். வீடு போன அன்றே போட்ட இடத்திலெல்லாம் நீக்கிவிடுங்கள். புரோக்கர் குரூப்பில் போட்டிருந்தால் அங்கும் "வீடு போய்விட்டது" என்று ஒரு வரி எழுதுங்கள், இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்தும் உங்கள் ஹாலைக் காட்டி வேறு வீட்டுக்கு ஆள் பிடிப்பார்கள்.